ஒரு மாத்திரை என்ன செய்துவிடும்

நாமக்கல்லுக்கு நான் பிரசவம் பார்க்க வந்தவள். மதராஸில் எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்து, இரண்டு இடங்களில் உதவி டாக்டராக இருந்துவிட்டு, யுத்தம் உச்சத்தில் இருந்த சமயத்தில் இங்கே ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்து போர்டு மாட்டினேன். பெண்கள் வந்தார்கள். கூட வரும் ஆண்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்றுகொள்வார்கள். லேடி டாக்டர் என்றால் கர்ப்பப்பைக்கு மேலே எதுவும் தெரியாதவள் என்பது ஊரில் எல்லோருடைய தீர்மானம். அந்தத் தீர்மானத்தோடு நான் முட்டிக்கொண்டது ஒரு பஸ் டிரைவர் விஷயத்தில்.

அவருடைய மனைவி என்னிடம் ஏழாம் மாதத்தில் வந்தாள். பரிசோதித்தேன். குழந்தை நன்றாக இருந்தது, அவள்தான் நன்றாக இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ராத்திரியில தூங்கறதில்லையா?" என்றேன்.

"நான் எங்கீங்கம்மா தூங்கறது? என்ற ஊட்டுக்காரரு தூங்குனாத்தானுங்களே நான் தூங்க. பொழுதுக்கும் கதவு சந்துல பாத்துக்கிட்டே நிக்கறாருங்க."

"எதைப் பார்க்கிறார்?"

"ஆரோ பின்னாலயே வாராங்களாமா. சேந்தமங்கலத்துல இருந்தே வாராங்களாமா." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "பேய் புடிச்சிருக்குன்னு எங்கம்மா சொல்லுதுங்க. நல்ல மனுசனுங்க. குடிக்க மாட்டாரு, பீடிகூடக் கெடையாதுங்க."

மறுநாள் அழைத்து வரச் சொன்னேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தார். உயரமான ஆள், சட்டை இரண்டு பேர் நுழையலாம் போல தொளதொளவென்று தொங்கியது. நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தார். தாடை அசைந்துகொண்டே இருந்தது. மேஜை மேல் இருந்த என் டார்ச் லைட்டை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றினார், பாட்டரியை எடுத்தார், போட்டார், திருகினார். மறுபடி கழற்றினார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அதையே செய்தார். வீட்டிலும் பஸ் ஹாரனைக் கொண்டுவந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கழற்றிக் கழற்றி மாட்டுவதாக மனைவி சொன்னாள்.

கள்ளில்லை, கஞ்சாவில்லை. பின்னே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நேராகக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வைத்தார்.

"தூக்கம் வராம இருக்கறதுக்குங்க. மிலிட்டரியில லாரி ஓட்டுன சிநேகிதன் குடுத்தானுங்க. தீந்த பொறவு முதலாளியே சேலத்துல இங்கிலீசு மருந்துக்கடையில வாங்கித் தாராருங்க."

ஆம்பெட்டமின். அந்த நாளில் அதை டாக்டர் சீட்டில்லாமலே வாங்கலாம். பட்டாளத்தில் விழிப்பாக இருக்கக் கொடுத்தார்கள், ஊரில் மனச்சோர்வுக்கும் உடம்பு இளைக்கவும் கொடுத்தார்கள். இவருக்குத் தேவைப்பட்ட காரணம் எளிமையானது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் எல்லாம் கரிவாயுவில் ஓடின. பின்னால் உள்ள அடுப்பில் கரியைப் போட்டு, பற்றவைத்து, வாயு சேரும்வரை விசிறிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக விடியுமுன்னே எழுந்துவிடுவார். பகலெல்லாம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டுவார். சந்தை வந்தால் சேந்தமங்கலத்துக்குக் கூடுதல் நடை, கொல்லிமலையிலிருந்து இறங்கும் பலாவும் வாழையும் கூரை மேலே. சந்தை இல்லாத நாட்களில் மாத்திரை வேண்டாம், நிறுத்திவிடுவார். மறுபடி சந்தை, மறுபடி மாத்திரை. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல்.

"எத்தனை போடுவீங்க?"

"மொதல்ல ஒண்ணு போட்டா நாளெல்லாம் கண்ணு மூடாதுங்க. அப்பறம் ஒண்ணு பத்தலைங்க. ரெண்டு, மூணு. இப்ப நாலஞ்சு போட்டாத்தான் முழிச்சிருக்க முடியுதுங்க."

இது எனக்குப் புரிந்தது, எல்லோருக்கும் புரியும். பழகப் பழக மருந்து தோற்கும், அளவு கூடும். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. பின்னால் ஆள் வருகிற எண்ணம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். முதன்முதலில் ஒரு சந்தை நாளில் அளவுக்கு மீறிப் போட்டபோது லேசாக வந்ததாம். அப்புறம் அதைவிடக் குறைவாகப் போட்டாலும் வந்தது. பிறகு இரண்டு போட்டாலே, போட்ட கொஞ்ச நேரத்திலேயே. தூக்கத்தை விரட்ட மருந்து கூடக்கூட வேண்டியிருந்தது. பயத்தை வரவழைக்கவோ குறையக் குறையப் போதுமாயிருந்தது. ஒரே ஆள், ஒரே மாத்திரை.

அப்போது அதை நான் முழுதாக யோசித்துப் பார்க்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். டப்பாவை மனைவியிடம் கொடுத்து எறியச் சொன்னேன். அவர் இரண்டு நாள் தூங்கினார். எழுந்து ராகிக்களியைச் சட்டியோடு தின்றதாக அவள் வந்து சொன்னாள். கொஞ்ச நாளில் அவரே வந்தார், வெட்கத்தோடு.

"எப்புடித்தான் அப்புடியெல்லாம் நெனச்சேன்னு தெரியலைங்கம்மா. ஆரும் வரலீங்க. இப்ப நல்லா தெரியுதுங்க."

குழந்தை பிறந்தது, பெண். அவர் மாத்திரை இல்லாமல் வண்டி ஓட்டினார். மாதங்கள் போயின. நானும் மறந்துவிட்டேன்.

முதலாளி சேந்தமங்கலம் பக்கத்துக் கவுண்டர். தோட்டம், நிலக்கடலை, இரண்டு பஸ். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் வீட்டுப் பெண்களுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் மரியாதையாக வண்டி அனுப்புவார். பங்குனித் தேர் சமயம், ஊரெல்லாம் ஜனம், இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டான். இவர் இரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. காலையில் பஸ் கிளம்பும் இடத்தில், இவர் முன்பு வழக்கமாக மாத்திரை போடுகிற டீக்கடை முன்னால், முதலாளி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். இவர் வேண்டாம் என்றிருக்கிறார். "டாக்டரம்மா சொன்னது அஞ்சு போட்டதுக்கு. ஒண்ணு என்ன செஞ்சுபுடும்? நானே போடறேன், பாரு" என்று தான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் போட்டுக்கொண்டார். ஒன்றே ஒன்று. பிற்பாடு எத்தனை பேர் கேட்டும் அந்த எண்ணிக்கையை இவரும் மாற்றவில்லை, முதலாளியும் மாற்றவில்லை.

பஸ் சேந்தமங்கலம் ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் பின்சீட்டில் கிசுகிசுப்பது காதில் விழ ஆரம்பித்ததாம். தேருக்குப் போகிற ஜனம், பேசாமல் எப்படி இருக்கும்? இவருக்கு அது தன்னைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு மோட்டார் கார் வந்தது. அது யாரோ வக்கீலின் கார், தன் பாட்டுக்கு வந்தது. இவர் வேகத்தைக் கூட்டினார். கார் முந்துவதற்காக ஹாரன் அடித்தது. இவர் பஸ்ஸை ரோட்டை விட்டு இறக்கி, வறண்ட ஏரிக்குள் விட்டார்.

கவிழவில்லை. கரை சரிவில் முட்டி நின்றது. ஒரு வயதான அம்மாளுக்குத் தொடை எலும்பு முறிந்தது, பலருக்குத் தலையில் காயம். கரி அடுப்பு உடைந்து நெருப்பு கொட்டி, ஒரு பெண்ணின் சேலை பற்றி, கால் வெந்தது. டிரைவர் இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார். போலீஸ் பிடித்து வந்தபோது கைதட்டும் சத்தத்துக்குக்கூட நடுங்கினாராம்.

வெந்த காலுக்குக் கட்டுப்போட்டது நான்தான். அந்தப் பெண்ணின் அலறலைக் கேட்டுக்கொண்டே மனசுக்குள் ஒரே கேள்வி. ஒன்றுதானே போட்டார்?

அப்போதுதான் கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுத்தவர் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கொக்கேனை நாய்க்குத் தினம் ஒரே அளவு கொடுத்தால் அது பழகுவதில்லை, நாளாக ஆகக் கூடுதலாகத் துள்ளும், கடைசியில் முதல் நாள் ஒன்றும் செய்யாத அதே அளவிலேயே வலிப்பு வரும் என்றார். பரீட்சையில் வராது என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது அது என் முன்னால் வந்து நின்றது. மருந்து உடம்பை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் மருந்து செய்துவைத்த மாற்றம் போகவில்லை.

முதலாளி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார், ஏளனமாக இல்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"ஏனுங்கம்மா, நம்ம ஊர்ல கள்ளுக் குடிக்கறவனைப் பாத்ததில்லீங்களா? பத்து மொந்தை குடிச்சுப் பழகுனவனுக்கு ஒரு மொந்தையில போதை ஏறுமுங்களா?"

"ஏறாதுங்க. ஆனா இது கள்ளு இல்லை."

"எல்லாம் போதைதானுங்க. நானும் அதே டப்பாவுல இருந்துதானே போட்டேன்? எனக்கு என்னாச்சு? நல்லா சுறுசுறுப்பாத்தான் இருந்துச்சு."

"உங்களுக்கு அது முதல் மாத்திரைங்க. அவருக்கு அது முந்தி போட்ட அத்தனையோட சேர்ந்த மாத்திரை."

"அது எப்புடிங்க சேரும்? அது என்னைக்கோ செரிச்சுப் போயிருக்குமே."

சேருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன், எப்படிச் சேருகிறது என்று தெரியாது. அந்தக் கோபத்தோடு திரும்பி வந்தேன். யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை.

சேலத்தில் ஒரு பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அயோத்தியாப்பட்டணம் போகிற ரோட்டில் அவருக்குப் பங்களா. என்னை நிறுத்திவைத்தே பேசினார். "அவனுக்கு உள்ளே பைத்தியம் இருந்திருக்கிறது. மாத்திரை சாக்கு. இல்லாவிட்டால் ஒளித்து வைத்து நிறையச் சாப்பிட்டிருக்கிறான். இவ்வளவு பழக்கம் உள்ளவனுக்கு ஒன்று பட்டாணி மாதிரி." நாய்களைப் பற்றிச் சொன்னேன். "அது கொக்கேன், அம்மா. நீங்கள் உங்கள் பிரசவத்தைக் கவனியுங்கள்" என்றார்.

வழக்கு நாமக்கல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தது. டிரைவர் தரப்பில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அதற்குள் அவர் தெளிந்துவிட்டார், மாத்திரை நின்ற இரண்டு மூன்று நாளிலேயே தெளிந்துவிட்டார். கூண்டில் குனிந்து நின்றார். மனைவி குழந்தையோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "நீங்கள் மனநோய் படித்தவரா?"

"இல்லை."

"இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?"

"இவர் ஒருவரைத்தான்."

"ஒரு பொருளைத் தினம் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"சிலதுக்குப் பழகும். சிலதுக்கு உடம்பு கூர்மையாகும். ஒரே மருந்தில் இரண்டும் நடக்கலாம். இவருக்குத் தூக்கத்தை விரட்டுவதில் பழகிப்போனது, பயத்தைக் கிளப்புவதில் கூர்மையானது."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்கள் சொல்வது எப்படி இருக்கிறது தெரியுமா? இவர் அதிகமாகச் சாப்பிட்டபோது ஓட்டிய பஸ் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. ஒன்றே ஒன்று சாப்பிட்டபோது ஏரிக்குள் போனது. அப்படியானால் இன்னும் நாலு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர்கூடத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், எனக்காகச் சங்கடப்பட்ட முகத்தோடு.

அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஏனென்றால் மாஜிஸ்திரேட் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நியாயமாக யோசிக்கிற எவனும் கேட்கக்கூடிய கேள்வி. உலகத்தில் கள், அபின், புகையிலை என்று எல்லோரும் பார்த்த பொருள்களைக் கொண்டு யோசித்தால் அங்கேதான் போய் நிற்கும். நான் சொன்னதுதான் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

தீர்ப்பில் லைசென்ஸ் போனது. அதில் எனக்குப் புகார் இல்லை, இனி அவர் பஸ் ஓட்டாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அவர் ஜெயிலுக்கும் போனார். மாத்திரை கொடுத்தவர்மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாத்திரையில் குற்றம் என்ன இருக்க முடியும்?

இப்போது, எனக்குக் கண் மங்கிய பிறகு, இதையெல்லாம் புத்தகங்களில் சாதாரணமாக எழுதுகிறார்கள். மூளையில் ஒரு நரம்புக்கும் இன்னொரு நரம்புக்கும் நடுவில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று நமக்கு உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆம்பெட்டமினும் கொக்கேனும் அதை அளவுக்கு மீறிப் பெருகவைக்கின்றன. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப அப்படிப் பெருகினால் அந்த நரம்புப் பாதை தன் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது. அடுத்த முறை அதே அளவு மருந்துக்கு அதிகம் சுரக்கிறது, வாங்கிக்கொள்கிற நரம்பும் அதிகமாகத் துடிக்கிறது. அப்போது ஒன்றுமில்லாத கிசுகிசுப்பும் காரும் தன்னைக் குறிவைத்து வந்ததாகத் தோன்றும். இடைவிடாமல் கொடுத்தால் உடம்பு பழகி மந்தம் வருகிறது, இடைவெளி விட்டுக் கொடுத்தால் கூர்மை வருகிறது. சந்தைக்குச் சந்தை அவர் விட்டு விட்டுப் போட்டதுதான் மிகக் கெட்ட முறை. நிறுத்திவிட்டால் மந்தம் கொஞ்ச நாளில் போய்விடும். கூர்மை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இருக்கும். வழக்கமாகப் போடுகிற இடத்திலேயே போட்டால் இன்னும் பலமாக வரும். அன்றைக்கு அவர் அதே டீக்கடை முன்னால் போட்டுக்கொண்டு அதே சீட்டில் போய் உட்கார்ந்தார். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. இதில் ஒரு வரியாவது அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் கோர்ட்டில் சிரித்திருக்க மாட்டார்கள். அல்லது அப்போதும் சிரித்திருப்பார்களோ என்னவோ.

ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் மச்சானின் தோட்டத்தில் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்தார். ஊரில் "பஸ்ஸை ஏரிக்குள்ள உட்ட கிறுக்கன்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கிறுக்கு மாத்திரை இல்லாதபோது ஒரு நாளும் வரவில்லை என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கேட்டுக்கொண்டு, "ஆமாங்க" என்று விட்டுப் போவார்கள்.

முதலாளி புது டிரைவர் வைத்தார். அவனுக்கும் தேர் நாளில், சந்தை நாளில் மாத்திரை கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டு பஸ் ஸ்டாண்டுக்கே போனேன். இளவட்டம், கரி படிந்த முகம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு அஞ்சாறு போட்டவருங்கம்மா. நான் ஒண்ணுக்கு மேல தொடறதில்லீங்க."

"இன்னைக்கு ஒண்ணு. ஒரு வருஷம் கழிச்சு அந்த ஒண்ணே வேற மாதிரி வேலை செய்யும். அதைத்தான் சொல்றேன்."

"சரிங்கம்மா, பாத்துக்கறனுங்க." கும்பிட்டுவிட்டு ஏறிப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வருஷத்தில் சொந்த லாரி வாங்கினான். அவன் நன்றாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவனைக் காட்டுவார். "பாருங்கம்மா, அதே மாத்திரைதானுங்க."

பழைய டிரைவரிடம் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தேன். எந்த டாக்டரிடம் போனாலும், தூக்கத்தை விரட்டுகிற ஜாதி மருந்து எனக்கு ஆகாது, ஒன்று போட்டாலும் ஆகாது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் அதைப் பாடம் மாதிரி ஒப்பிப்பார்.

சுதந்திரம் வந்து வெகு காலம் கழித்து, மகளுக்கே கல்யாணம் ஆன பிறகு, அவருக்கு உடம்பில் சோர்வு, எதிலும் மனம் பற்றாமை. மனைவி வாழப்பாடியில் ஒரு இளம் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கே மகள் வீடு. இவர் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியவரே, அதெல்லாம் அந்தக் காலத்துல அளவு தெரியாம நிறையச் சாப்பிட்டதால வந்தது. இது ரொம்பக் கம்மி டோஸு. பாதி மாத்திரைதான்" என்று அதே ஜாதி மருந்தை எழுதிக் கொடுத்தாராம்.

நாமக்கல்லுக்கு வந்தபோது மனைவி இதை என்னிடம் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"வாங்கிப் போட்டாரா?"

"கடையில வாங்குனாருங்க. டாக்டரு குடுத்ததை வேண்டாங்கறது எப்புடின்னு வாங்கிட்டாருங்க." அவள் சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கடை வாசல்லயே பொட்டலத்தைப் புடுங்கிச் சாக்கடையில வீசிட்டனுங்க. அத்தனை சனமும் பாத்துச்சுங்க. புருசனை உட்டுட்டு இவளுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்களாமா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கோபம் தணியவில்லை. வாழப்பாடிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தரம் ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மூன்றாம் தரம் எழுதி முடித்துத் தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை.